பத்தில் எட்டா, நூற்றுமூன்றில் எட்டா?

டேவிட் எடி என்ற அமெரிக்க மருத்துவர், தன் சக மருத்துவர்களிடம் ஒரு கணக்கைக் கொடுத்துப் பார்த்தார். 1982இல் அச்சான அவருடைய கட்டுரையில் அந்தக் கணக்கு இருக்கிறது. ஒரு பெண்ணுக்கு மார்பகப் புற்றுநோய் இருக்க நூற்றில் ஒரு பங்கு வாய்ப்புதான் என்று அவரைப் பார்த்த மருத்துவர் நினைக்கிறார். இருந்தாலும் மேமோகிராம் எடுத்துவிடலாம் என்கிறார். புற்றுநோய் உள்ள நூறு பெண்களில் சுமார் 80 பேரை மேமோகிராம் சரியாகக் கண்டுபிடித்துவிடும். புற்றுநோய் இல்லாத பெண்களிலும் நூற்றுக்கு 9.6 பேருக்கு அது தவறாகப் பாசிட்டிவ் காட்டும். இந்தப் பெண்ணுக்குப் பாசிட்டிவ் என்று முடிவு வந்துவிட்டது. இப்போது அவருக்குப் புற்றுநோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு?

கேட்கப்பட்ட மருத்துவர்களில் மிகப் பெரும்பாலோர் சொன்ன பதில், 75 சதவீதத்தை ஒட்டியது. சரியான பதில் 8 சதவீதத்துக்கும் குறைவு.

இது சின்னப் பிழை இல்லை. பாசிட்டிவ் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பெண் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது, "நாலில் மூன்று பங்கு புற்றுநோய்தான்" என்று சொல்வதும், "உங்களைப் போல் முடிவு வந்த பன்னிரண்டு, பதிமூன்று பேரில் ஒருவருக்குத்தான் இருக்கும், அடுத்த பரிசோதனையைச் செய்து பார்ப்போம்" என்று சொல்வதும் அவருடைய அடுத்த பல இரவுகளை வேறு வேறாக ஆக்கிவிடும். மருத்துவம் படித்தவர்கள் இதில் ஏன் இத்தனை தூரம் விலகிப்போகிறார்கள் என்பதை ஒரு துண்டு வரைபடத்தாளும் இரண்டு வண்ணப் பென்சில்களும் இருந்தால் பார்த்துவிடலாம்.

பள்ளிப் பிள்ளைகள் வைத்திருக்கும் மில்லிமீட்டர் வரைபடத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 5 சென்டிமீட்டர் நீளம், 2 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு செவ்வகம் வரையுங்கள். உள்ளே மிகச் சரியாக 1000 சிறு கட்டங்கள் இருக்கும். ஒவ்வொரு கட்டமும் ஒரு பெண். கணிதப் பாடத்தில் 'கூறுவெளி' என்று சொல்வது இந்தச் செவ்வகத்தைத்தான். நடக்கக்கூடியவை எல்லாம் இதற்குள் அடக்கம். எண்ணி முடிக்கக்கூடிய அளவில், ஒவ்வொரு கட்டத்துக்கும் சம வாய்ப்போடு இருக்கின்றன. கண்ணை மூடிக்கொண்டு ஒரு கட்டத்தின் மேல் விரலை வைத்தால், அது எந்தக் கட்டமாகவும் இருக்கலாம்.

நூற்றில் ஒருவர் என்றால் ஆயிரத்தில் பத்துப் பேர். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாகப் பத்துக் கட்டங்களைச் சிவப்பால் சுற்றுங்கள். இவர்களுக்குப் புற்றுநோய் இருக்கிறது. இந்தக் கணத்துக்கு A என்று பெயர் வைப்போம். மிச்சம் 990 பேருக்கு நோய் இல்லை.

இனி நீலப் பென்சில். இது பாசிட்டிவ் வந்தவர்களுக்கு. சிவப்புக் கட்டங்கள் பத்தில் எட்டுக்கு நீலம் தீட்டுங்கள். மேமோகிராம் கண்டுபிடித்தவர்கள் இவர்கள். அதற்குப் பிறகு நோயில்லாத 990 பேரில் 9.6 சதவீதத்தினருக்கு நீலம் தீட்ட வேண்டும். கணக்குப் போட்டால் 95. சிவப்புப் பட்டைக்கு வெளியே, அதை ஒட்டி, 95 கட்டங்களைத் தீட்டுங்கள். இந்த இடத்தில் கை வலிக்கத் தொடங்கும். சிவப்பு நொடியில் முடிந்தது. நீலம் முடிவதாக இல்லை. பாசிட்டிவ் வந்தவர்களின் கணம் B. அதில் மொத்தம் 8 + 95, அதாவது 103 கட்டங்கள்.

செவ்வகம் இப்போது நான்கு பகுதிகளாகப் பிரிந்திருக்கிறது. சிவப்பும் நீலமும் மேல்மேலாக விழுந்த வெட்டுப்பகுதியில் 8 பேர். சிவப்பு மட்டும் உள்ள இடத்தில், நோயிருந்தும் தப்பிவிட்ட 2 பேர். நீலம் மட்டும் உள்ள இடத்தில், நோயில்லாமலே பயமுறுத்தப்பட்ட 95 பேர். எந்த வண்ணமும் படாமல் 895 பேர். கூட்டினால் ஆயிரம் வரும்.

புற்றுநோய் உள்ளவர்களில் எத்தனை பங்கினருக்குப் பாசிட்டிவ்? சிவப்புக்குள் மட்டும் பாருங்கள்: பத்தில் எட்டு. பாசிட்டிவ் வந்தவர்களில் எத்தனை பங்கினருக்குப் புற்றுநோய்? நீலத்துக்குள் மட்டும் பாருங்கள்: நூற்றுமூன்றில் எட்டு, அதாவது 7.8 சதவீதம். இரண்டு கேள்விகளுக்கும் மேலே இருப்பது அதே எட்டுப் பேர்தான். யாரும் புதிதாக உள்ளே வரவில்லை, யாரும் வெளியே போகவில்லை. எந்தக் கூட்டத்தை முழுமை என்று வைத்து அந்த எட்டைப் பங்கு போடுகிறோம் என்பது மட்டுமே மாறியது. நிபந்தனை நிகழ்தகவு என்பதன் பொருளே இதுதான்: ஒரு நிபந்தனை சொன்னவுடன் அந்த நிபந்தனைக்கு வெளியே உள்ள கட்டங்களை எல்லாம் அழித்துவிட்டு, மீதமிருப்பதையே புதிய கூறுவெளியாக வைத்துக்கொள்கிறோம். 'நோய் இருந்தால்' என்ற நிபந்தனை 990 பேரை அழிக்கிறது. 'பாசிட்டிவ் வந்தால்' என்ற நிபந்தனை 897 பேரை அழிக்கிறது. எஞ்சும் தாள்கள் இரண்டும் வேறு வேறு.

மருத்துவமனையில் பரிசோதனையின் திறமையாகச் சொல்லப்படும் 80 சதவீதம், சிவப்புத் தாளைப் பார்த்து அளந்தது. நோய் இருக்கிறது என்று முன்பே உறுதியானவர்களைத் திரட்டி, அவர்களில் எத்தனை பேரைக் கருவி பிடிக்கிறது என்று பார்த்து எடுத்த எண் அது. பாசிட்டிவ் வந்த பெண்ணோ நீலத் தாளில் நிற்கிறார். தனக்கு நோய் உண்டா இல்லையா என்பது அவருக்குத் தெரியாது. தன் மேல் நீலம் பட்டிருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். அவர் கேட்கும் கேள்விக்குச் சிவப்புத் தாளின் எண்ணைப் பதிலாகத் தருவதுதான் நடக்கும் தவறு.

வேறு விஷயங்களில் நாம் இப்படிக் குழம்புவதே இல்லை. இந்தியாவின் சதுரங்க கிராண்ட்மாஸ்டர்களில் கணிசமானோர் தமிழ்நாட்டுக்காரர்கள். அதனால் தமிழ்நாட்டுக்காரர்களில் கணிசமானோர் கிராண்ட்மாஸ்டர்கள் என்று யாரும் சொல்வதில்லை. ஒரு பக்கம் சில பத்துப் பேர், மறுபக்கம் கோடிக்கணக்கானோர் என்பது கண் முன்னால் நிற்கிறது. மேமோகிராம் கணக்கில் அப்படி இல்லை. எத்தனை பேர் நோயாளிகள், எத்தனை பேர் பாசிட்டிவ் என்ற கூட்டங்களின் அளவு சதவீதங்களுக்குள் ஒளிந்துகொள்கிறது. 80 சதவீதம் என்பதும் 9.6 சதவீதம் என்பதும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது முதலாவதே பெரிதாகத் தெரிகிறது. அது பத்துப் பேரில் 80 சதவீதம், இது 990 பேரில் 9.6 சதவீதம் என்பது தெரிவதில்லை.

இந்த மறைவுக்கு நம் பாடப்புத்தகப் படங்களும் துணைபோகின்றன என்பது என் கருத்து. வென்படம் என்றாலே ஒரே அளவில் இரண்டு வட்டங்கள், நடுவில் கண் வடிவத்தில் ஒரு வெட்டுப்பகுதி என்றுதான் வரையப்படுகிறது. சேர்ப்பு எது, வெட்டு எது என்று கற்பிக்க அந்தப் படம் போதும். நிகழ்தகவுக்கு அந்தப் படத்தையே கொண்டுவரும்போதுதான் கெடுதல். இரண்டு வட்டங்களும் சம அளவாக இருந்தால், நடுப்பகுதி முதல் வட்டத்தில் எத்தனை பங்கோ அதே பங்குதான் இரண்டாவது வட்டத்திலும் இருக்கும். அந்தப் படத்தில் நிபந்தனையைத் திருப்பிப் போட்டாலும் விடை மாறாது. மருத்துவர்கள் செய்த பிழை அந்தப் படத்தில் பிழையே இல்லை! வரைபடத்தாளில் சிவப்புக்குப் பத்துக் கட்டம், நீலத்துக்கு நூற்றுமூன்று கட்டம் என்று அளவோடு வரைந்தால் மட்டுமே வித்தியாசம் கண்ணுக்குப் படும். சின்னச் சிவப்புப் பட்டையின் பெரும்பகுதி நீலத்தில் மூழ்கியிருக்கும். ஆனால் நீலப் பரப்பில் சிவப்பு ஒரு ஓரம்தான்.

இதையே குறியீட்டில் எழுதினால் பேயஸ் தேற்றம் தானாக வந்துவிடுகிறது. நம்மிடம் இருப்பது பத்தில் எட்டு. வேண்டியது நூற்றுமூன்றில் எட்டு. முதலாவதைப் பத்தால் பெருக்கினால் எட்டு என்ற எண்ணிக்கை திரும்பக் கிடைக்கும்; அதை 103ஆல் வகுத்தால் வேலை முடிந்தது.

```
P(A|B) = P(B|A) × n(A) / n(B)
       = 8/10 × 10/103
       = 8/103
```

n(A), n(B) ஆகியவை இரண்டு கணங்களிலும் உள்ள கட்டங்களின் எண்ணிக்கை. இரண்டையும் மொத்தமான 1000ஆல் வகுத்துவிட்டால், பாடப்புத்தகத்தில் இருக்கும் வடிவம் வரும்:

```
P(A|B) = P(B|A) × P(A) / P(B)
```

சூத்திரத்தை மனப்பாடம் செய்தவர்கள்கூடத் தடுமாறும் இடம் P(B). பாசிட்டிவ் வந்தவர்களின் மொத்தப் பங்கு அது. கேள்வியில் அது நேராகக் கொடுக்கப்பட்டிருக்காது. எட்டையும் தொண்ணூற்றைந்தையும் நாமே கூட்டியாக வேண்டும். நீலப் பென்சிலால் தீட்டியவர்களுக்கு இது மறக்காது.

இந்தத் தேற்றத்துக்குப் பெயர் தந்த தாமஸ் பேயஸ் இங்கிலாந்தில் ஒரு பாதிரியாராக இருந்தவர். 1761இல் அவர் இறந்த பிறகு, நண்பர் ரிச்சர்ட் பிரைஸ் அவருடைய காகிதங்களில் கிடந்த கட்டுரையை ராயல் சொசைட்டிக்கு அனுப்ப, 1763இல் அது வெளியானது. பேயஸ் எடுத்துக்கொண்ட சிக்கல் நம்முடையதைவிடக் கடினமானது. மேசைமேல் உருட்டிவிட்ட பந்து எந்த இடத்தில் வேண்டுமானாலும் நிற்கலாம் என்ற, எண்ணி முடியாத கூறுவெளி அவருடையது. எண்ணி முடிகிற கூறுவெளிக்குப் பென்சில் போதும்.

கெர்ட் கிகெரன்சர், உல்ரிச் ஹோஃப்ராகெ என்ற இரண்டு உளவியலாளர்கள், எடியின் கணக்கை அறிகுறி இல்லாத பெண்களுக்கான பொதுப் பரிசோதனையாக மாற்றி, அதையும் அது போன்ற பல கணக்குகளையும் கல்லூரி மாணவர்களிடம் கொடுத்து 1995இல் முடிவுகளை வெளியிட்டார்கள். சதவீதத்தில் கேட்டபோது சரியான வழியில் போன விடைகள் ஆறில் ஒன்று அளவுக்குத்தான் இருந்தன. அதே விவரத்தை 'ஆயிரம் பேரில் பத்துப் பேர், அந்தப் பத்தில் எட்டுப் பேர்' என்று ஆட்கணக்கில் சொன்னபோது ஏறக்குறைய பாதியைத் தொட்டன. எந்தப் பயிற்சியும் கொடுக்காமலே கிடைத்த முன்னேற்றம் இது.

8 சதவீதம்தான் என்றவுடன் மேமோகிராம் எதற்கு என்று கேட்கத் தோன்றும். அந்த முடிவு தவறு. பரிசோதனைக்கு முன்னால் இந்தப் பெண் ஆயிரத்தில் ஒரு கட்டம். வாய்ப்பு 1 சதவீதம். பாசிட்டிவ் வந்ததும் அது ஏறத்தாழ எட்டு மடங்காகிவிட்டது. அடுத்த பரிசோதனைக்குப் போவதற்கு இது போதுமான காரணம். நெகட்டிவ் வந்தவர்களைப் பாருங்கள்: 897 பேரில் இரண்டே பேருக்குத்தான் நோய். 'இல்லை' என்று சொல்லும்போது இந்தக் கருவியை அதிகம் நம்பலாம். 'உண்டு' என்று சொல்லும்போது, அது தேட வேண்டிய இடத்தை ஆயிரத்திலிருந்து நூற்றுச் சொச்சமாகக் குறைத்துக் கொடுத்திருக்கிறது, அவ்வளவுதான். எடி பயன்படுத்திய எண்கள் 1960களின் தரவு என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். இன்றைய கருவிகளுக்கு எண்கள் வேறு. எண்ணும் முறை மாறாது.

கருவி அப்படியே இருக்க, தாளை மாற்றிப் பார்ப்போம். இந்த முறை வந்திருப்பவர்கள் குடும்பத்தில் நோய் வரலாறு உள்ளவர்கள், அல்லது மருத்துவரின் கைக்கு ஏதோ தட்டுப்பட்டவர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களில் ஆயிரத்துக்கு 100 பேருக்கு நோய் இருக்கட்டும். இப்போது 80 பேருக்குச் சரியான பாசிட்டிவ். நோயில்லாத 900 பேரில் தவறான பாசிட்டிவ் 86. மொத்தம் 166 பேரில் 80 பேர், அதாவது 48 சதவீதம். அதே இயந்திரம், அதே படம், அதே 'பாசிட்டிவ்' என்ற சொல். ஆனால் ஒரு பெண்ணுக்கு அதன் பொருள் 8 சதவீதம், இன்னொரு பெண்ணுக்கு 48. பரிசோதனை அறிக்கையில் இந்த எண்ணை அச்சிட முடியாததற்குக் காரணம் இதுதான். அது கருவிக்குள் இல்லை. யார் யாரைச் சேர்த்து அந்த ஆயிரத்தை நிரப்பினோம் என்பதில் இருக்கிறது. கணக்கின் பலவீனமான இடமும் இதுவே. சிவப்புக் கட்டங்களின் எண்ணிக்கையைத் தவறாக வைத்துத் தொடங்கினால், பிறகு எவ்வளவு கவனமாக எண்ணினாலும் விடை தவறாகத்தான் வரும்.

சிவப்பு மிகமிகச் சிறியதாகிப்போனால் என்ன நடக்கும் என்பதை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலம் அனுபவத்தில் பார்த்தது. 1988 தொடக்கத்திலிருந்து, திருமண உரிமம் கேட்பவர்கள் எல்லோரும் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று அங்கே சட்டம் வந்தது. முதல் ஆறு மாதத்தில் உரிமம் கேட்டவர்கள் 70,846 பேர். தொற்று இருப்பதாகக் கண்டறியப்பட்டவர்கள் 8 பேர். ஆயிரத்தில் ஒருவருக்கு மட்டுமே தவறாகப் பாசிட்டிவ் காட்டும் ஒரு பரிசோதனையை அந்தக் கூட்டத்தில் செய்ததாக வைத்துக் கணக்கிட்டால்கூட, தவறான பாசிட்டிவ் சுமார் 71 வரும். எட்டு உண்மைக்கு எழுபத்தொரு பொய். திருமணத்துக்கு நாள் குறித்த நேரத்தில் இப்படி ஒரு முடிவைக் கையில் வாங்குவதை நினைத்துப் பாருங்கள். பலர் பக்கத்து மாநிலங்களுக்குப் போய் மணம் செய்துகொண்டார்கள். இல்லினாயில் உரிமங்கள் வெகுவாகக் குறைந்தன. 1989இல் சட்டம் திரும்பப் பெறப்பட்டது.

எச்.ஐ.வி. விஷயத்தில் இந்தியாவுக்கு முதல் பாசிட்டிவ் வந்தது சென்னையில்தான். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். வேலூர் சி.எம்.சி.யில் எலைசா முறையில் சோதித்தபோது சில மாதிரிகள் பாசிட்டிவ் காட்டின. அதோடு அவர்கள் முடிவுக்கு வந்துவிடவில்லை. வெஸ்டர்ன் பிளாட் என்ற வேறொரு முறையில் அமெரிக்காவில் சோதித்து உறுதி செய்த பிறகே அது உண்மையாக ஏற்கப்பட்டது. இரண்டாவது சோதனையைத் திரும்பவும் எலைசாவிலேயே செய்யாமல் வேறு முறைக்குப் போனது ஏன் என்பதும் கணக்குக்குள் வருகிறது.

ஒரு லட்சம் பேரை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் வயது வந்தோரிடையே எச்.ஐ.வி. தொற்று 0.2 சதவீதத்தை ஒட்டியது என்பதால், தொற்று உள்ளவர்கள் 200 பேர். எல்லோரையும் பிடித்துவிடும் ஒரு கிட் இருப்பதாகவும், தொற்றில்லாத 200 பேரில் ஒருவருக்கு மட்டும் அது தவறுவதாகவும் வைத்துக்கொள்வோம். 99,800 பேரில் 499 பேருக்குத் தவறான பாசிட்டிவ். மொத்தப் பாசிட்டிவ் 699; அதில் உண்மை 200. அதாவது 29 சதவீதம். இவ்வளவு நல்ல கிட்டிலும் பாசிட்டிவ் வந்த பத்துப் பேரில் ஏழு பேருக்குத் தொற்று இல்லை.

முதல் சோதனை முடிந்ததும் ஒரு லட்சக் கட்டத் தாளைத் தூக்கிப் போட்டுவிடலாம். இனி கூறுவெளி 699 கட்டங்கள்தான். இந்த 699 பேருக்கும் இரண்டாவது கிட்டால் சோதனை. தொற்றுள்ள 200 பேருக்கும் மறுபடி பாசிட்டிவ். தவறாக வந்த 499 பேரில் 200க்கு ஒருவர் என்ற அதே விகிதத்தில் தவறினால், இரண்டு அல்லது மூன்று பேர். சுமார் 202 பேரில் 200 உண்மை. 29 சதவீதமாக இருந்தது 99க்குப் பக்கத்தில் போய்விட்டது. மூன்றாவது கிட் அந்த மிச்ச இரண்டு மூன்று பேரையும் ஏறக்குறைய துடைத்துவிடும்.

இந்த அழகான ஏற்றத்துக்கு அடியில் ஒரு நிபந்தனை இருக்கிறது: இரண்டாவது சோதனையின் தவறுக்கும் முதல் சோதனையின் தவறுக்கும் தொடர்பு இருக்கக் கூடாது. ஒருவருடைய ரத்தத்தில் உள்ள வேறு ஏதோ எதிர்ப்புப் புரதம் கிட்டில் உள்ள பொருளோடு ஒட்டிக்கொண்டு பாசிட்டிவ் காட்டியது என்றால், அதே கிட்டால் பத்து முறை சோதித்தாலும் அது பத்து முறையும் ஒட்டிக்கொள்ளும். 499 பேர் 499 பேராகவே இருப்பார்கள். 29 சதவீதம் அசையாது. ஆனால் இரண்டு முறை, மூன்று முறை பாசிட்டிவ் வந்துவிட்டதே என்று நோயாளியும் சொல்பவரும் நம்பிவிடுவார்கள். மேமோகிராமிலும் இதே கதைதான். அடர்த்தியான திசு ஒரு முறை சந்தேக நிழலாக விழுந்தால், மறுநாள் எடுக்கும் படத்திலும் அப்படியே விழ வாய்ப்புண்டு. அதனால்தான் அடுத்த கட்டம் அல்ட்ராசவுண்டாகவோ பயாப்ஸியாகவோ இருக்கிறது.

தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பின் வழிகாட்டுதல் இந்தக் கணக்கின் மேல்தான் நிற்கிறது. அறிகுறி ஏதும் இல்லாத ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்று உண்டு என்று சொல்ல, வெவ்வேறு மூலப்பொருளோ வெவ்வேறு செயல்முறையோ கொண்ட மூன்று கிட்களிலும் பாசிட்டிவ் வர வேண்டும். அறிகுறிகளோடு வருபவருக்கு இரண்டு போதும். அவர் உட்காரும் தாளில் ஏற்கெனவே சிவப்பு அதிகம். ரத்த வங்கியிலோ ஒரே ஒரு சோதனையில் பாசிட்டிவ் வந்தாலே அந்த ரத்தப் பை கழிக்கப்படுகிறது. கழிக்கப்படும் பைகளில் பலவற்றில் தொற்று இருக்காது என்று தெரிந்தேதான் கழிக்கிறார்கள். சந்தேகப்பட்ட பையில் வீணாவது கொஞ்சம் ரத்தம். விட்டுவைத்த பை ஏறுவது ஒரு நோயாளியின் உடம்பில்.